திருப்பூர் எக்ஸ்போர்ட் வேலை: துணியை எடை போடுவதிலிருந்து தொடங்குங்கள்

"பி.காம். முடித்திருக்கிறேன், ஊர் தாராபுரம் பக்கம். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேரலாம் என்று இருக்கிறேன். பேட்டர்ன் கோர்ஸ் படி என்கிறார் மாமா. நண்பன் க்யூ.சி.யில் இருக்கிறான். எனக்கு மெர்ச்சண்டைசர் ஆக ஆசை. டாக்குமெண்டேஷன் வேலையும் இருக்கிறதாம். எதில் தொடங்கினால் சரியாக இருக்கும்?"

தம்பி, முதல் ஒரு வருடம் தரம் பார்க்கும் க்யூ.சி.யில் இருங்கள். அதிலும் தைத்த பீஸைப் பார்க்கும் செக்கிங் டேபிளில் அல்ல, துணி வந்து இறங்கும் இடத்தில். அப்புறம், பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரைத் தேதிக்கு முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசிங் போங்கள். நான் நேராக மெர்ச்சண்டைசர் நாற்காலியில் உட்கார்ந்தவன். அதனால் பட்ட அடி ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்ட நாலு வேலையும் எங்கே ஒன்றோடொன்று முட்டுகின்றன என்பது அந்த ஆர்டரில் தெரியும் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

ஆர்டர் ரொம்பச் சாதாரணமானது. ஆண்கள் ரவுண்ட் நெக் டி-ஷர்ட், நூறு சதவீதம் காட்டன், சிங்கிள் ஜெர்சி துணி, நேவி ப்ளூ, 10,000 பீஸ். பையர் கேட்ட துணி 160 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 160 கிராம். ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம் என்று எழுதியிருந்தார்கள். கணக்குப் போட்டால் 152-லிருந்து 168 வரைக்கும் பாஸ். பீஸ் எண்ணிக்கையில் மூன்று சதவீதம் முன்னே பின்னே போகலாம். 9,700-க்குக் கீழே போனால் ஏற்க மாட்டார்கள்.

ஆர்டர் கையில் வந்ததும் மெர்ச்சண்டைசர் போடும் முதல் கணக்கு, ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி போகும் என்பது. பி.காம். படித்த உங்களுக்கு இது ஒரு மணி நேரப் பாடம். நடு அளவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடல் நீளம் 72 செ.மீ., கை நீளம் 21, மடிப்புக்கும் தையலுக்கும் 10 என்று கூட்டினால் 103. பாதி மார்பளவு 53, தையலுக்கு 3, மொத்தம் 56. முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் வேண்டும் என்பதால் 103-ஐ 56-ஆல் பெருக்கி இரண்டால் பெருக்க வேண்டும். 11,536 சதுர செ.மீ. வரும், அதாவது 1.15 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதை 160-ஆல் பெருக்கினால் 185 கிராம். கட்டிங் வேஸ்ட்டுக்கு ஐந்து சதவீதம் சேர்த்தால் 194 கிராம். 10,000 பீஸுக்கு 1,940 கிலோ. கழுத்து ரிப் தனிக் கணக்கு, அதை விட்டுவிடுவோம். நிட்டிங்கிலும் டையிங்கிலும் எடை கொஞ்சம் குறையும். அதற்கு எட்டு சதவீதம் வைத்து 2,110 கிலோ நூலுக்கு ஆர்டர் போட்டேன். கணக்கில் தப்பே இல்லை.

நூல் நிட்டிங் போனது, அங்கிருந்து சாயத்துக்கு. பாதித் துணி, சுருக்கத்தை அடக்கும் காம்பாக்டிங் முடிந்து கம்பெனிக்கு வந்து இறங்கியது. க்யூ.சி. பையன் ரவுண்ட் கட்டர் வைத்து வட்டம் வெட்டி எடை போட்டான். அந்தக் கட்டர் சரியாக 100 சதுர செ.மீ. துணியை வெட்டித் தரும். தராசில் வரும் கிராமை நூறால் பெருக்கினால் அதுதான் ஜி.எஸ்.எம். ஐந்து இடத்தில் வெட்டியிருந்தான், சராசரி 1.67 கிராம். ரிப்போர்ட்டில் "167, பாஸ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். 168 வரை பாஸ் என்றால் 167 பாஸ்தானே. அவன் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

என் மேஜைக்கு வந்த ரிப்போர்ட்டில் "பாஸ்" என்ற வார்த்தையைத்தான் நான் பார்த்தேன். 167 என்ற எண் கண்ணில் படவே இல்லை.

நாலு நாள் கழித்து கட்டிங் மாஸ்டர் கூப்பிட்டார். "துணி பத்தாதுங்க. துணிய அடுக்கி லே போட்டுப் பாத்தேன், நானூறு பீஸ் குறையும்" என்றார். நான் முதலில் நம்பவில்லை. கட்டிங் வேஸ்ட் அதிகமாகப் போயிருக்கும் என்று அவரிடமே சண்டை போட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே வருகிறது. துணி நமக்கு வருவது கிலோவில், சட்டைக்கு வெட்டுவது பரப்பளவில். 1,940 கிலோ துணி 160 ஜி.எஸ்.எம்.-ஆக இருந்தால் 10,000 பீஸ் வரும். அதே 1,940 கிலோ 167-ஆக இருந்தால் 9,590 பீஸ்தான். தரத்துக்கு எல்லை 168. எண்ணிக்கைக்கு எல்லை 165-லேயே முடிந்துவிடுகிறது. தரம் பார்ப்பவருக்குப் பாஸ் ஆன துணி, மெர்ச்சண்டைசருக்கு ஃபெயில். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. துணிப் பக்கம் ஒரு வருடம் நின்றிருந்தால் தானாகத் தெரிந்திருக்கும்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. மீதிப் பாதித் துணி இன்னும் காம்பாக்டிங் ஆகாமல் இருந்தது. காம்பாக்டிங் மெஷின் துணியை நீளவாக்கில் தனக்குள்ளே நெருக்கித் தள்ளும். பின்னால் துவைக்கும்போது சுருங்க வேண்டியது அங்கேயே சுருங்கிவிடட்டும் என்பதற்காகத்தான் அந்த வேலையே. அந்த நெருக்கத்தைக் குறைத்துத் துணியை இழுத்துவிட்டால் நீளம் கூடும், ஜி.எஸ்.எம். இறங்கும், பீஸும் கூடும். ஃபினிஷிங் யூனிட்டில் சொல்லி இழுக்க வைத்தேன். மீதித் துணி 154-இல் வந்தது. 152-க்கு மேலே இருப்பதால் அதுவும் பாஸ். இரண்டு பாதியும் சேர்ந்து 10,000 பீஸ் கணக்குச் சரியாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

முதல் பாதித் துணியில் துவைத்துப் பார்த்து நல்ல ரிசல்ட் வந்திருந்தது. ஒரே நூல், ஒரே சாயம் என்பதால் இரண்டாவது பாதியைத் துவைத்துப் பார்க்காமலே கட்டிங்குக்கு விட்டேன். தைத்து, அயனிங் ஆகி, பெட்டி போட்ட பிறகு லேபுக்குப் போன சாம்பிளில் நீளவாக்கில் 10 சதவீதம் சுருக்கம் காட்டியது. பையர் அனுமதித்தது ஐந்து. 72 செ.மீ. சட்டை ஒரு துவையலில் 65 செ.மீ. ஆகிறது. போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் வயிறு தெரியும். இழுத்து வைத்த துணி தண்ணீர் பட்டதும் தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

இழுத்த துணியில் தைத்த 5,200 பீஸையும் நிறுத்தினார்கள். லேபிளை வெட்டி எடுத்து, காதர்பேட்டை மார்க்கெட்டில் கழித்த சரக்காக, ஸ்டாக் லாட் என்று, வந்த விலைக்குக் கொடுத்தோம். நல்ல பாதி கப்பலில் போனது. மீதியை நூலிலிருந்து புதிதாக ஆரம்பித்து, கிட்டத்தட்ட ஒரு டன் சரக்கை விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரில் கம்பெனிக்கு லாபம் போனது மட்டுமல்ல, கைக்காசும் போனது. முதலாளி என்னைத் திட்டவில்லை. அடுத்த மூன்று மாதம் காலையில் துணி கோடவுனில் நின்றுவிட்டு அப்புறம் மேஜைக்கு வரச் சொன்னார்.

அந்த மூன்று மாதத்தில்தான், இது எங்கே தொடங்கியது என்று புரிந்தது. நிட்டிங் மெஷினில். ஒரு லூப்புக்கு எவ்வளவு நூல் போகிறது என்பதுதான் பின்னப்பட்ட துணியின் கனத்தைத் தீர்மானிக்கிறது. லூப் சின்னதாக இருந்தால் துணி நெருக்கமாகி எடை ஏறும், பெரிதாக இருந்தால் இறங்கும். இதைப் பார்க்க லேப் எல்லாம் வேண்டாம். துணி ஓரத்தில் நூறு லூப் எண்ணிக் குறி வைத்து, அந்த நூலை உருவி, ஸ்கேலில் நேராகப் பிடித்தால் போதும். 28 செ.மீ. வந்தால் லூப் நீளம் 2.8 மி.மீ. நிட்டிங்காரரிடம் நூலின் பருமனைச் சொல்லும் நூல் நம்பரோடு லூப் நீளத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். சாயம் ஏறாத துணியின் எடை முடிந்த துணியின் எடை ஆகாது என்பதால், முதலில் ஒரே ஒரு ரோலை மட்டும் பின்னி, சாயம் போட்டு, காம்பாக்டிங் செய்து, துவைத்துப் பார்க்க வேண்டும். எடையும் சுருக்கமும் இரண்டுமே சரியாக வந்த பிறகுதான் மீதியை ஓட்டச் சொல்ல வேண்டும். நாலைந்து நாள் தாமதமாகும். தேதி நெருக்குகிறது என்று பலரும் தாண்டிப் போகிற படி இதுதான். ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜி.எஸ்.எம்.-ஐத் தனியாகப் பார்க்காதீர்கள். "எடை சரி" என்று யாராவது சொன்னால், "துவைத்த பிறகு சுருக்கம் எவ்வளவு?" என்று அடுத்த கேள்வி உங்கள் வாயில் வர வேண்டும். எடை குறைந்தும் சுருக்கம் ஏறியும் இருந்தால் துணியை யாரோ இழுத்திருக்கிறார்கள்.

சரி, க்யூ.சி. என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கடைசி இன்ஸ்பெக்ஷன். அதையும் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதன் எல்லை தெரிந்து கற்றுக்கொள்ளுங்கள். கம்பெனியில் செக்கிங் அக்காமார் ஒவ்வொரு பீஸையும் பார்ப்பார்கள். பையர் தரப்பில் வரும் இன்ஸ்பெக்டர் அப்படிப் பார்ப்பதில்லை. எத்தனை பீஸ் எடுத்துப் பார்ப்பது, எத்தனை குறை வரை ஏற்பது என்று சொல்லும் ஏ.க்யூ.எல். அட்டவணைப்படி எடுப்பார். நம் 10,000 பீஸ் ஆர்டருக்கு வழக்கமான லெவல் இரண்டில் 200 பீஸ் எடுப்பார். பெரிய குறைகளுக்கு 2.5 என்று வைத்திருந்தால் 10 வரை ஏற்பார், 11 வந்தால் மொத்த லாட்டும் ஃபெயில். சின்னக் குறைகளுக்கு 4.0 என்றால் 14 வரை. ஓட்டை, தையல் விட்டுப்போனது, அளவு எல்லை தாண்டியது எல்லாம் பெரிய குறை. வெட்டாமல் விட்ட நூல் நுனி சின்னக் குறை. என் ஆர்டர் இந்த இன்ஸ்பெக்ஷனில் மூன்றே மூன்று பெரிய குறையோடு பாஸ் ஆனது. கண்ணால் பார்த்தாலும் டேப் வைத்து அளந்தாலும் சுருக்கம் தெரியாது. தைத்து முடிந்த பீஸ் 72 செ.மீ. தான் இருந்தது. அதனால்தான் துணி இறங்கும் இடத்தில் தொடங்குங்கள் என்கிறேன். தப்பு பிறக்கிற இடம் அது. செக்கிங் டேபிளுக்கு வரும்போது அதற்குப் பெரும்பாலும் மருந்து இல்லை.

மாமா சொன்ன பேட்டர்ன் வேலையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. நல்ல பேட்டர்ன் மாஸ்டருக்கு எங்கள் ஊரில் மரியாதை தனி. பையர் அனுப்பும் அளவுத் தாளைப் பார்த்து அட்டையில் வரைவது மட்டும் அந்த வேலை இல்லை. இந்தத் துணி எந்தப் பக்கம் எவ்வளவு போகும், ஓவர்லாக்கில் எவ்வளவு தின்னும் என்று தெரிந்து வரைய வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். தைத்த பிறகு பீஸையே துவைத்து அனுப்பும் ஆர்டர் என்றால் சுருக்கத்தைப் பேட்டர்னிலேயே சேர்க்க வேண்டும். ஐந்து சதவீதம் சுருங்கும் துணியில் 72 செ.மீ. வேண்டும் என்றால் புதியவர்கள் 72-இல் ஐந்து சதவீதத்தைக் கூட்டி 75.6 வரைவார்கள். துவைத்தால் 71.8 தான் வரும். 72-ஐ 0.95-ஆல் வகுத்து 75.8 வரைந்தால்தான் 72 நிற்கும். சுருக்கம் அதிகமான துணியில் இந்த வித்தியாசமும் அதிகமாகும். இன்று பேட்டர்ன், அதை ஒவ்வொரு சைஸுக்கும் மாற்றும் கிரேடிங், துணியில் வெட்ட அடுக்கிக் காட்டும் மார்க்கர் எல்லாம் பெரும்பாலும் கணினியில்தான். மென்பொருளை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் தைக்கத் தெரியாமல் இதில் மேலே வந்தவரை நான் பார்த்ததில்லை. உங்களுக்கு மெஷினில் உட்கார்ந்து தைக்கப் பிடிக்கும் என்றால் மாமா பேச்சைக் கேளுங்கள். ஆடைத் தொழில் பயிற்சி தரும் ஏ.டி.டி.சி. மையங்களில் இதற்கான படிப்புகள் இருக்கின்றன, திருப்பூரிலேயே நிஃப்ட்-டீ கல்லூரியும் இருக்கிறது. பிடிக்காது என்றால் வேண்டாம்.

டாக்குமெண்டேஷன், உங்கள் பி.காம்.-க்கு நேராகப் பொருந்துகிற வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின், பிறகு பேங்கில் கொடுத்துப் பணம் வாங்குவது. பொறுமையும் எண்களில் கவனமும் உள்ளவருக்கு நிலையான வேலை, ராத்திரி பத்து மணிக்குப் போன் வருவதும் குறைவு. ஆனால் அங்கேயும் துணி உங்களை விடாது. அந்த ஆர்டரில் பேக்கிங் லிஸ்டைப் பெட்டி மூடுவதற்கு முன்பே, ஒரு பீஸ் 185 கிராம் என்று என் காஸ்டிங் தாளிலிருந்து எடுத்துத் தயாரித்துவிட்டார்கள். 167 துணியில் அதே கணக்கு 193 கிராம். நல்ல பாதியின் 4,800 பீஸில் மட்டும் 38 கிலோ வித்தியாசம். பெட்டியைத் தராசில் வைத்தபோது தாளும் தராசும் வேறு வேறு எண் சொல்லின. காகிதங்களை மறுபடி அடித்துத் தூத்துக்குடிக்கு அனுப்ப ஒரு நாள் போனது. 2016 ஜூலையிலிருந்து கண்டெய்னரின் சரிபார்த்த எடையைக் கொடுக்காமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் எடையில் யாரும் கண்டும் காணாமல் விடுவதில்லை. சுங்கத்தில் சரக்கு என்ன வகை என்று சொல்லும் எச்.எஸ். கோடும் அப்படித்தான். பின்னலாடைக் காட்டன் டி-ஷர்ட் 6109.10-இல் வரும். துணிக் கலவை மாறினால் கோடு மாறும், கோடு மாறினால் இங்கே வரியில் திரும்பக் கிடைக்கும் டிராபேக்கும் அங்கே கட்டும் வரியும் மாறும். துணி தெரிந்த ஒருவர் இந்த மேஜையில் இருந்தால் கம்பெனிக்குப் பெரிய பலம்.

கடைசியாக, நீங்கள் ஆசைப்படும் மெர்ச்சண்டைசிங். வெளியிலிருந்து பார்த்தால் ஏ.சி. அறை, ஆங்கில மெயில், பையரோடு மீட்டிங் என்று தெரியும். மெயில் எழுதுவது வேலையில் சின்னப் பகுதி. பெரிய பகுதி, இன்னொருவர் கையில் இருக்கும் வேலையைத் தேதிக்கு வாங்குவது. சாயத்தின் நிறம் காட்டும் லேப் டிப்புக்கு அப்ரூவல் வந்ததா, ஃபிட் சாம்பிளில் பையர் சொன்ன மாற்றத்தைப் பேட்டர்னில் செய்தார்களா, மொத்தத் தயாரிப்புக்கு முன் காட்டும் பி.பி. சாம்பிள் ஓகே ஆவதற்கு முன் யாரும் கட்டிங் தொடங்கிவிடவில்லையே என்று ஒரு தாளில் தேதி போட்டுத் துரத்த வேண்டும். நிட்டிங், சாயம், பிரிண்டிங் எல்லாம் வெவ்வேறு ஜாப் ஒர்க் யூனிட்டில் நடக்கும். அங்கே யாரும் உங்கள் ஆள் இல்லை. "சாயந்திரம் வண்டி ஏத்திடறேங்க" என்று போனில் சொன்னால் அது நடக்குமா நடக்காதா என்று குரலை வைத்து மட்டும் தெரியாது. டையிங் மெஷினில் எத்தனை மணி நேரம் ஆகும், காம்பாக்டிங் எத்தனை மணி நேரம் என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். ஆங்கிலம் சுமாராக இருந்தும் இதில் நன்றாக வந்தவர்கள் உண்டு. துணி தெரியாமல் வந்தவர்கள் என் மாதிரி ஒருமுறை விழுந்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள்.

இண்டர்வியூவுக்குப் போகும்போது "க்யூ.சி. வேலை" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஃபேப்ரிக் இன்ஸ்பெக்ஷனில் போடுவீர்களா, தைத்த பீஸ் செக்கிங்கிலா?" என்று கேளுங்கள். நிட்டிங்கும் டையிங்கும் போய்ப் பார்க்க அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். சொந்த நிட்டிங் இருக்கும் நடுத்தரக் கம்பெனி கிடைத்தால் பெரிய கம்பெனியைவிட அதுவே உங்களுக்கு நல்லது. பெரிய இடத்தில் ஒருவருக்கு ஒரு டேபிள்தான், சின்ன இடத்தில் எல்லாம் கண்ணில் படும். ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற ஒவ்வொரு துணிக்கும் நூல் நம்பர், லூப் நீளம், சாயம் போடுவதற்கு முன் எடை, முடிந்த எடை, துவைத்த பிறகு நீளத்திலும் அகலத்திலும் சுருக்கம் என்று ஐந்தாறு எண் எழுதி வையுங்கள். நூறு துணி எழுதிய பிறகு மெர்ச்சண்டைசர் வேலைக்கு அப்ளை செய்யுங்கள், இண்டர்வியூவுக்கு அந்த நோட்டைக் கையில் கொண்டு போங்கள்.